கல்யாணப் பாயில் பேர் போடணும்னா பத்திரிகை வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது

முக்கூடல்காரி | செப்டம்பர் 12, இரவு 9.40

தங்கச்சி மகளுக்குத் தை மாசக் கடைசியில் கல்யாணம். பெரியம்மா சீரா பத்தமடைப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரைப் போட்டுக் கொடுக்கணும்னு இருக்கேன். புரட்டாசி பிறந்ததும் சொல்லிரணும்னு நான் சொல்லுதேன். வீட்டில் ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்காங்க. "பத்திரிகை அடிச்சு வரட்டும், அதைப் பார்த்து எழுத்துப்பிழை இல்லாமச் சொல்லிக்கலாம்"ங்காங்க.

பத்திரிகை கார்த்திகையில்தான் வரும். அதுக்குப் பிறகு போய் நின்னா பாய் கிடைக்கும், பேர் போட்ட பாய் கிடைக்காது. கோரையை வெட்டிக் காயவெச்சு, ஊறப்போட்டு, கிழிச்சு, சாயம் ஏத்தி, மறுபடியும் காயவெச்சுத்தான் தறிக்குக் கொண்டு வாராங்க. ரெண்டு தடவை வெயில் வேணும். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணிக் கரையில் எந்த வெயிலை நம்புறது? நெய்யுறதுக்கு மட்டும், பேரோட நடுத்தரப் பாய்னா மூணு நாலு வாரம் எனக்குக் கணக்குச் சொல்லியிருக்காங்க. கோரையை நூல் மாதிரிக் கிழிச்சு நெய்யுற பட்டுப் பாய்னா மாசக் கணக்கு. அதுவும் தை முகூர்த்தத்துக்குச் சொல்லி வைக்கிறது நான் மட்டும் இல்லையே, எனக்கு முன்னால எத்தனை பேர் பாய் நிக்குதோ.

ஆனா வீட்டுக்காரங்க கேட்கிறதிலும் நியாயம் இருக்கு. பத்திரிகைக்கு முன்னால எந்த எழுத்தை நம்பிப் பேர் கொடுக்கிறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பாளைத்தம்பி | செப்டம்பர் 12, இரவு 10.15

அக்கா, இது ஒரு விஷயமே இல்ல. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் அவங்க அவங்க பேரை வாட்ஸ்அப்பில் தமிழில் டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. அதை அப்படியே கடைக்காரருக்குத் தள்ளிவிடுங்க. அவர் காப்பி பண்ணி ஒட்டிக்குவார். நடுவில் யாரும் எழுதாதப்போ பிழை எங்கிருந்து வரும்?

ரதவீதி பேர்வெட்டி | செப்டம்பர் 13, காலை 6.50

தம்பி பாதி சரியாச் சொல்லுதாவ. பிழை வர்ற இடமே அந்த ஒட்டுற இடம்தான்.

நான் டவுன்ல பாத்திரக்கடைக்குப் பேர் வெட்டிக்கிட்டு இருந்தவன். இப்போ மகன் லேசர் மெஷின் வெச்சிருக்கான். டிசைன் போடுற பையங்கள்ல நிறைய பேர் இன்னும் கோரல்டிராவில் பழைய தமிழ் எழுத்துருதான் வெச்சிருக்காங்க. பாமினி மாதிரி. போன்ல இருந்து வர்றது யூனிகோட். அதை ஒட்டி பாமினியைத் தேர்ந்தெடுத்தா கட்டம் கட்டமா வரும், இல்லன்னா கன்னாபின்னான்னு வரும். எழுத்துரு இல்லாத மெஷின்ல பாமினி ஃபைலைத் திறந்தாலும் இதே கதைதான். "தமிழ்"னு அடிச்சது `jkpo;`ன்னு நிக்கும். பார்த்த உடனே தப்புன்னு தெரியுறதால அதில் ஆபத்து இல்ல.

ஆபத்து அதுக்கு அடுத்து நடக்கிறதுல இருக்கு. ஒட்டினது சரியா வரலன்னதும் பையன் போனைப் பார்த்து அவனே திரும்ப அடிப்பான். அவசரத்துல மூணு சுழி ரெண்டு சுழி ஆகும், புள்ளி விட்டுப்போகும். இது பார்க்க அழகாத்தான் இருக்கும். அதனாலதான் யாரு கண்ணுக்கும் படாது. வாடிக்கையாளர் "நான் சரியாத்தானே அனுப்பினேன்"ன்னு போனைக் காட்டுவார். அவர் அனுப்பினது சரிதான், வெட்டினது அது இல்ல.

புதுப் பதிப்பு வெச்சிருக்கிறவங்க கிட்ட யூனிகோட் ஒழுங்கா விழும். என் மகன்கிட்ட விழுது. உங்க கடையில் எது இருக்குன்னு உங்களுக்குத் தெரியப் போறதில்ல. அதனால அனுப்பினதைப் பார்க்காதீங்க, அவங்க வெட்டப் போற படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பாருங்க. அதுவும் `Ctrl+Q` போட்டு எழுத்தைக் கோடா மாத்தின பிறகு எடுத்த படம். அதுக்கு முன்னால எடுத்த படத்துக்கு அர்த்தமே இல்ல, வேற மெஷின்ல திறந்தா எழுத்து மாறிரும்.

துபாய் தென்காசி | செப்டம்பர் 13, மதியம் 1.20

பத்தமடைப் பாய் இப்போ என்ன விலை போகுது? துபாய்க்கு கூரியர் பண்ணுவாங்களா? சுருட்டி வந்தா ஓரம் உடையுமா?

முக்கூடல்காரி | செப்டம்பர் 13, மாலை 5.05

துபாய் தம்பி, விலை நெருக்கத்தைப் பொறுத்தது, நேர்ல கேட்டாத்தான் தெரியும். நல்ல பாய் துணி மாதிரி மடங்கும். மடிக்காம, நடுவில் ஒரு குழாய் வெச்சுச் சுருட்டி அனுப்பச் சொல்லுங்க. மத்ததுக்குத் தனியா ஒரு இழை போடுங்க.

பேர்வெட்டி அண்ணாச்சி, பாய்க்கு கோரல்டிரா கிடையாது. காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறதைப் பார்த்து அவங்க கட்டம் போட்டுத்தான் நெய்யுறாங்க. ஆனா நீங்க சொன்னதில் இருந்து ஒண்ணு புரியுது. நாம கொடுக்கிறதை யாரோ ஒருத்தர் கையால திரும்ப எழுதுறாங்க. பாயோ பாத்திரமோ, அந்த இடத்தில்தான் நாம நிக்கணும்.

முக்கூடல்காரி | செப்டம்பர் 15, இரவு 8.30

இன்னைக்குப் பேர்த்தாள் ஒண்ணு எழுதி முடிச்சேன். வீட்டில் இதை வெச்சுத்தான் எல்லா வேலையும் நடக்கணும்னு சொல்லிட்டேன், பத்திரிகை உட்பட. அதாவது பத்திரிகையைப் பார்த்துப் பாய்க்குப் பேர் கொடுக்கிறதில்ல. தாளைப் பார்த்துப் பத்திரிகை, பாய், குத்துவிளக்கு, தாம்பூலப் பை எல்லாம்.

உண்மையான பேரை இங்க போடல. கிட்டத்தட்ட அதே சிக்கல் உள்ள பேரா, பொண்ணு ஸ்ரீவள்ளி, மாப்பிள்ளை சண்முகராஜ்னு வெச்சுக்கோங்க.

பொண்ணு பேரை ஒரு தாளில் அவளே பேனாவால எழுதினா. மாப்பிள்ளையையும் அவர் கையால எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவங்க அம்மா போன்ல சொன்னாங்க, அதை நான் எடுத்துக்கல. போன்ல ல, ள ஒண்ணாத்தான் கேட்கும், அதுலயும் நாம ழகரத்தைச் சொல்லுற அழகுக்கு. ஆதாரையும் பார்த்தேன். அதில் தமிழ் எழுத்து மெஷின் போட்டதாட்டம் இருக்கு, "ஷண்முகராஜ்"னு. இங்கிலீஷில் நம்ம ஊர் வழக்கப்படி Shunmugaraj. மூணு இடத்தில் மூணு விதம். ஆளு எழுதுறது எதுவோ அதுதான் பேர்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒவ்வொரு பேருக்கும் கீழ இப்படி எழுதினேன்: சண்முகராஜ், எழுத்து ஆறு, புள்ளி ரெண்டு, மூணு சுழி ண். ஸ்ரீவள்ளி, ஸ்ரீயை ஒண்ணா எண்ணினா எழுத்து நாலு, புள்ளி ஒண்ணு, பள்ளிக்கூடத்து ள. தமிழ் வாசிக்கத் தெரியாதவங்க கையில் கொடுத்தாக்கூட எண்ணிப் பார்த்துட்டுப் புள்ளி குறையுதுன்னு சொல்லிரலாம். சுழி மாறினா எண்ணிக்கையில் பிடிபடாது. அதனாலதான் அதை வார்த்தையா எழுதினேன்.

பாளைத்தம்பி | செப்டம்பர் 15, இரவு 9.10

அக்கா, கௌரி, சௌந்தர் மாதிரிப் பேர் இருந்தா கவனம். நிறைய பேர் ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தைத் தனியா அடிக்கிறாங்க. அது தப்பு. கம்ப்யூட்டர்ல வேற எழுத்து.

ரதவீதி பேர்வெட்டி | செப்டம்பர் 16, காலை 6.30

தம்பி சொல்லுறது தேடுற வேலைக்குச் சரி. கம்ப்யூட்டர்ல பேரைத் தேடினா கிடைக்காது. வெட்டின பிறகு பித்தளைக்கு அது தெரியாது, ரெண்டும் கண்ணுக்கு ஒரே உருவம்தான். அதுக்காக யாரும் பாத்திரத்தைத் திருப்ப வேண்டாம்.

ஸ்ரீ தான் நிஜமான தொந்தரவு. போன்ல ஸ்ரீ ரெண்டு விதமா அடிபடுது. ஸகரத்தை வெச்சு ஒண்ணு, ஶகரத்தை வெச்சு ஒண்ணு. போன்ல பார்த்தா ரெண்டும் அதே வளைவு. கடையில் உள்ள எழுத்துரு ஒண்ணைத்தான் சேர்க்கும், இன்னொண்ணை "ஸ்"ஸும் "ரீ"யுமா பிரிச்சுப் போட்டுரும். மெஷின் சேர்க்கலன்னு தெரியாம அப்படியே வெட்டிட்டு, "அதுவும் ஸ்ரீதானே"ம்பாங்க. வாசிச்சா ஸ்ரீதான். ஆனா கல்யாணப் பொண்ணு தன் பேரை அப்படி எழுதுறவ இல்ல. ஸ்ரீ உள்ள பேருக்குப் படத்தை வாங்காம வெட்டச் சொல்லாதீங்கம்மா.

ஜெபராணி டீச்சர் | செப்டம்பர் 18, இரவு 7.45

என் விஷயம் கொஞ்சம் வேற. பேரனுக்குத் திடப்படுத்தல் ஆராதனைக்கு வேதாகமத்து அட்டையில் தங்க எழுத்தில் பேர் போட்டுக் கொடுத்தேன். மகன் கட்டினது கத்தோலிக்கக் குடும்பத்துப் பொண்ணு. எங்க பக்கம் "ஜெபஸ்டின்"னு எழுதுவோம், அவங்க பக்கம் "செபஸ்தியான்". பள்ளிக்கூடத்தில் முன்னது, மருமகள் வீட்டில் பின்னது. ரெண்டும் பிழை இல்ல. கடைக்காரர் எதைப் போடட்டும்னு கேட்டபோது பையனையே கேட்டேன். பத்து வயசுக்கு மேல ஆன பிள்ளைங்கன்னா அவங்க நோட்டுப் புத்தகத்து அட்டையைப் பாருங்க, அதில் எழுதியிருக்கிறதுதான் அவங்க பேர்.

தங்க எழுத்து சூடு வெச்சு அழுத்துறது. தங்கத்தைச் சுரண்டி எடுத்தாலும் அழுத்தின பள்ளம் தோலில் நிக்கும். திருத்தவே முடியாது, வேற அட்டைதான்.

முக்கூடல்காரி | செப்டம்பர் 24, மாலை 6.20

பத்தமடைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தாச்சு. அங்க உட்கார்ந்து பார்த்ததை எழுதுதேன், பேர் போடச் சொல்லுறவங்களுக்கு உதவும்.

தறி தரையோட தரையா கிடக்கு. பாவு நூல் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கு. கோரையை ஒரு நீளக் குச்சியில் மாட்டிக் குறுக்கே ஒவ்வொண்ணா விடுறாங்க. பேர் பாயோட அகலவாக்கில் வருது. அதனால ஒரு எழுத்து முடிஞ்சு அடுத்த எழுத்துன்னு நெய்யுறது இல்ல. எல்லா எழுத்தோட அடியும் முதல்ல, பிறகு வயிறு, பிறகு தலைன்னு மொத்தப் பேரும் ஒண்ணாவே எழும்பி வருது. புள்ளியும் மேல் சுழியும்தான் கடைசி.

இதில் ரெண்டு விஷயம் இருக்கு. முதல்ல, பேர் பாதி ஏறுற வரைக்கும் வாசிக்க முடியாது. பாதி ஏறின பிறகு பிழையைக் கண்டுபிடிச்சா அதுக்கு மேல போட்ட கோரையை எல்லாம் உருவணும். உருவின கோரை மடிஞ்சிருது, திரும்பப் போட்டா தடம் தெரியும். ஆக, சரிபார்க்கிறதுக்கு உரிய இடம் தறி இல்ல, கட்டம் போட்ட தாள்தான்.

ரெண்டாவது புள்ளி. கட்டத் தாளில் புள்ளியை ஒரே கட்டமாப் போட்டிருந்தாங்க. பாயில் அது ஒத்தைக் கோரை ஒரு நூலுக்கு மேல தலை காட்டுற அளவுதான். சாயம் நல்லா ஏறலன்னா கண்ணுக்கே தெரியாது. "வள்ளி"க்குப் புள்ளி போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. புள்ளியை ரெண்டுக்கு ரெண்டு கட்டமாப் போடச் சொன்னேன், எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு வரிசை வெறுமையா விடச் சொன்னேன். நெய்யுற அம்மா, "அப்போ எழுத்து உயரம் கூடும், அகலமும் கூட்டணும், இல்லன்னா ஒல்லியாத் தெரியும்"னாங்க. கூட்டிப் பார்த்ததில் ரெண்டு பேரும் ஒரே வரியில் அடங்கல. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு வெச்சிருக்கு. ஸ்ரீக்கு மட்டும் தாளில் நாலு தடவை அழிச்சு அழிச்சு எழுதினாங்க. வளைவெல்லாம் கட்டம் கட்டமாத்தான் விழும், சின்ன அளவில் அது ஸ்ரீன்னே தெரியல. கொஞ்சம் பெருசாக்கின பிறகுதான் உருவம் வந்துது.

கட்டத் தாளைப் படம் எடுத்துப் பொண்ணுக்கு அனுப்பி, அவ "சரி"ன்னு பதில் போட்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

களக்காட்டான் | செப்டம்பர் 24, இரவு 9.00

தேதியும் போடுங்க மதினி. பேர் மட்டும் இருந்தா பிற்காலத்தில் எந்த வருசம்னு தெரியாது. எங்க வீட்டில் ஆச்சி காலத்துப் பித்தளை அண்டாவில் பேரோட வருசமும் இருக்கு. இப்போ அதைப் பார்த்துத்தான் தாத்தா கல்யாண வருசத்தையே சொல்லுதோம்.

முக்கூடல்காரி | செப்டம்பர் 25, காலை 7.15

தேதி போடல. மண்டபம் கிடைக்காம முகூர்த்தம் தள்ளிப்போறது நடக்கிற காரியம்தான். புரட்டாசியில் தேதியை நெய்யச் சொல்லிட்டு மாசியில் கல்யாணம் வைக்க முடியாது. கடைசியா வெட்டப் போற குத்துவிளக்கில் தேதி வரும்.

முக்கூடல்காரி | அக்டோபர் 29, இரவு 8.50

களக்காட்டார் சொன்னதை யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நாள் வேண்டாம், வருசம் மட்டும்னா போட்டிருக்கலாம். தையில இருந்து மாசிக்கோ பங்குனிக்கோ தள்ளிப்போனாலும் வருசம் மாறாது. ஆவணியில் இருந்து தைக்குப் போற கல்யாணத்துக்குத்தான் மாறும். எங்க பாயில் இனி இடம் இல்ல. ஆனா தைக் கல்யாணத்துக்குச் சொல்லுறவங்க வருசம் போடலாம்னு என் முந்தைய பதிலைக் கொஞ்சம் தளர்த்திக்கிறேன்.

மழை பிடிச்சாச்சு. எங்க பாய்க்கான கோரைக்குச் சாயம் ஏத்திக் காய்ஞ்சு உள்ள வந்துருச்சாம். தீபாவளிக்குப் பிறகு சொன்ன ஒருத்தருக்கு, சாயக் கோரை ஈரமாவே கிடக்குன்னு தை பாதிக்கு மேலதான் தருவோம்னு சொல்லியிருக்காங்க. நெய்யுறவங்களைக் குத்தம் சொல்லவே முடியாது. 2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம ஊர்க்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஆத்தங்கரைத் தொழில் எல்லாத்துக்கும் அந்த மாசம் ஒரு அபாயம் உண்டு. அதை நாமதான் கணக்கில் சேர்க்கணும்.

முக்கூடல்காரி | நவம்பர் 20, இரவு 10.05

மாப்பிள்ளை வீட்டில் இருந்து புதுச் சேதி. எண் கணித ஜோசியர் பேரில் ஒரு எழுத்துச் சேர்க்கச் சொன்னாராம். இனிமே Shunmugaraaj, ரெண்டு a. பத்திரிகை அச்சுக்குப் போக இருக்கிற நேரத்தில். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, "உன் பாய் என்னாச்சு"ங்கிற மாதிரி.

பாய்க்கு ஒண்ணும் ஆகல. எண் கணக்குப் பார்க்கிறது இங்கிலீஷ் எழுத்தில்தான், தமிழில் அவர் சண்முகராஜ்தான். மாப்பிள்ளைகிட்டயே கேட்டேன், தமிழ்க் கையெழுத்து மாறலன்னு சொல்லிட்டார். அடிபட்டது தாம்பூலப் பைதான். மஞ்சப்பையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ்னு சொல்லியிருந்தோம். நல்லவேளை ஃபிலிம் மட்டும்தான் எடுத்திருந்தாங்க, அச்சடிக்கிற திரை செய்யல. ஃபிலிம் மாத்துறது சின்னச் செலவு. திரை செஞ்சு முன்னூறு பையிலும் அடிச்ச பிறகுன்னா முன்னூறிலும் அதே பிழைதான் நிக்கும். பைக்காரர்கிட்ட முதல் பை ஒண்ணை அடிச்சுக் காட்டிட்டு மிச்சத்தைத் தொடுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். மழைக் காலத்தில் மை காய நேரம் ஆகும், அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். அதனால மார்கழி முதல் வாரத்திலேயே அடிச்சுருங்கன்னும் சொல்லியாச்சு.

பாளைத்தம்பி | நவம்பர் 21, காலை 8.00

அப்போ சீர்ப் பொருளுக்குத் தமிழ்தான் பத்திரம்னு சொல்லுங்க. என் கல்யாணத்துக்கு வந்த சில்வர் தட்டில் என் பேரை இங்கிலீஷில் வெட்டினாங்க. Esakki, Isakki, Essakkiன்னு மூணு மாமா மூணு தட்டு. மூணையும் வெச்சிருக்கேன், மூணு மாமாவும் வீட்டுக்கு வருவாங்கல்ல!

ரதவீதி பேர்வெட்டி | நவம்பர் 21, காலை 9.30

இனிஷியலையும் கேட்டுக்கிடுங்க. அப்பா பேர் சுப்பிரமணியன்னா சிலர் சு. போடுவாங்க, சிலர் எஸ். போடுவாங்க. கல்யாணத்துக்குப் பிறகு பொண்ணு இனிஷியல் மாறுமா மாறாதான்னு நான் ஒருத்தர்கிட்டயும் முடிவு சொன்னதில்ல. பெத்தவங்க சீரா கொடுக்கிற பாத்திரத்தில் இனிஷியலே வேண்டாம்னு மட்டும் சொல்லுவேன். அதில் கருத்து வேறுபாடு உள்ளவங்க இருப்பாங்க.

ஜெபராணி டீச்சர் | நவம்பர் 21, இரவு 8.10

எனக்கு வேறுபாடு உண்டு. என் அப்பா கொடுத்த பானையில் அவர் இனிஷியலோடதான் என் பேர் இருக்கு. அது அவர் கொடுத்ததுன்னு எனக்கு அதில்தான் தெரியுது.

முக்கூடல்காரி | டிசம்பர் 18, இரவு 9.20

குத்துவிளக்கு விஷயம். கார்த்திகையிலேயே வாங்கியாச்சு. பேர் வெட்டுறதை மார்கழியில் வெச்சுக்கலாம்னு நினைக்கேன். பத்திரிகை கையில் இருக்கு, தேதி உறுதி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாதுங்கிறதால வெட்டுற இடத்தில் கூட்டமும் இருக்காது. தை பிறந்துட்டா ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முந்தின நாள் வரிசை கட்டி நிப்பாங்க, அவசரத்தில் வெட்டுவாங்க. அம்மா ஒத்துக்கல. சீர்ப் பொருளை மார்கழியில் தொடக் கூடாதுங்காங்க. உங்க வீடுகளில் எப்படி?

களக்காட்டான் | டிசம்பர் 19, காலை 7.00

வாங்கத்தான் கூடாது. வாங்கினதில் எழுதுறதுக்கு என்ன?

ஜெபராணி டீச்சர் | டிசம்பர் 19, மாலை 4.30

பெரியவங்க மனசு சங்கடப்படுறதுக்குத் தை முதல் வாரம் போனாப் போகுது. பொங்கல் மறுநாள் கூட்டம் இருக்காது.

ரதவீதி பேர்வெட்டி | டிசம்பர் 19, இரவு 8.00

எப்போ வெட்டினாலும் ஆளு கூட இருந்து வெட்டச் சொல்லுங்க. எழுதி வெச்சுட்டுச் சாயங்காலம் வாரேன்னு போகாதீங்க.

பித்தளை விளக்குன்னா கையால வெட்டுறவர் கிடைச்சா அவர்கிட்டயே கொடுங்க. லேசர் அழகா இருக்கும், எழுத்து எல்லாம் ஒரே சீரா வரும், ஆனா மேலாப்பில் நிக்கும். புளி போட்டு வாராவாரம் தேய்க்கிற பொருளில் நாள்பட மங்கும். உளி ஆழமா இறங்கும். எவர்சில்வருக்கு லேசர் போதும், அதை யாரு புளி போட்டுத் தேய்க்கப் போறா. என் மகன் இதைப் படிச்சா சண்டைக்கு வருவான். ஆழமா ஓட்டினா லேசரும் நிக்கும்னு சொல்லுவான். அப்படி ஓட்ட நேரமும் கூலியும் கூட ஆகும், அதை யாரும் கேட்டு வாங்குறதில்ல.

முக்கூடல்காரி | ஜனவரி 17, இரவு 7.40

அம்மா சொன்னபடியே தையில். டீச்சர் சொன்ன கணக்குதான் நடந்துது, கடையில் ரெண்டே பேர்.

வெட்டினவர் வயசானவர். முதல்ல தாளைக் கையில் வாங்கி வாய்விட்டு வாசிச்சார். விளக்குப் பாதத்தைத் துடைச்சு, மார்க்கர் பேனாவால வட்டத்தைச் சுத்திப் பேரை எழுதினார். எழுதினதும் விளக்கை என் பக்கம் திருப்பி, "எண்ணிப் பாரும்மா"ன்னார். ஆறு எழுத்து, ரெண்டு புள்ளி. நாலு எழுத்து, ஒரு புள்ளி. தேதி. ஸ்ரீயோட சுழி கொஞ்சம் சின்னதா இருந்துது. சொன்னேன், எச்சில் தொட்டு அழிச்சுட்டுத் திரும்ப எழுதினார். பிறகு பாதத்தைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கிட்டு, சின்ன உளியை மைக்கோட்டு மேலயே நகர்த்தி நகர்த்தித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொடி வெட்டு, அதுங்க சேர்ந்து கோடா வருது. வளைவு வர்ற இடத்தில் உளியைத் திருப்பல, விளக்கைத் திருப்பினார். வெட்டி முடிச்சுத் துணியால துடைச்சதும் மை போயிருச்சு, எழுத்து மட்டும் மின்னுச்சு.

மையில் பிழை இருந்தா எச்சில் போதும்ங்கிறதை நேர்ல பார்த்தேன். பேர் வெட்டக் கொடுக்கிற எல்லாரும் அந்த ஒரு நிமிசத்துக்காவது பக்கத்தில் இருங்க.

பாயும் வந்துருச்சு, மார்கழிக் கடைசியிலேயே. வெளிச்சத்தில் விரிச்சுப் புள்ளியை எல்லாம் தேடினேன், எல்லாம் இருக்கு. ரெண்டுக்கு ரெண்டு போட்டது நல்லாவே தெரியுது. ஸ்ரீ கொஞ்சம் மூலை மூலையா இருக்கு, அது கோரையோட குணம்.

துபாய் தென்காசி | ஜனவரி 18, காலை 11.10

இப்போதான் முழுசாப் படிச்சேன். அண்ணாச்சி, ஒரு கேள்வி. இங்க இருந்து ஆர்டர் போட்டு மச்சானுக்கு வெள்ளி முலாம் பூசின தட்டு கொடுத்தோம். "கண்ணன்" முழுக்க ரெண்டு சுழியில் வெட்டி வந்திருக்கு, "கன்னன்"னு. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. தேய்ச்சு எடுத்துட்டுத் திரும்ப வெட்டலாமா?

ரதவீதி பேர்வெட்டி | ஜனவரி 18, மதியம் 2.45

முலாம்னா தேய்க்காதீங்க. வெட்டின இடத்தில் ஏற்கெனவே முலாம் போயிருக்கும். தேய்ச்சா சுத்தியும் போயி அடியில் உள்ள உலோகம் திட்டா மஞ்சளாத் தெரியும். முழுத் தட்டுக்கும் திரும்ப முலாம் பூசணும், அந்தச் செலவுக்குப் புதுத் தட்டே வாங்கிரலாம். கெட்டிப் பித்தளைன்னா அரத்தால ராவி மெருகு போட்டு வெட்டலாம், கை வெச்சுத் தடவினா லேசா பள்ளம் தெரியும், அவ்வளவுதான். எவர்சில்வரும் மெருகு போடலாம், அந்த இடம் மட்டும் பளபளப்பு வேற மாதிரி நிக்கும்.

உங்களுக்குப் பத்து நாள் இருக்கு. நீங்க அனுப்பின பேர் வாட்ஸ்அப்பில் மூணு சுழியோட இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா தட்டைப் படம் எடுத்து, அந்தச் செய்தியோட சேர்த்துக் கடைக்கு அனுப்பி, மாத்தித் தரச் சொல்லுங்க. வெட்டுறதுக்கு முன்னால அவங்க படம் அனுப்பி நீங்க சரின்னு சொல்லியிருந்தா மட்டும் கேட்க முடியாது. அப்படி ஏதும் அனுப்பினாங்களா?

துபாய் தென்காசி | ஜனவரி 18, மாலை 6.30

அனுப்பினாங்க அண்ணாச்சி. ஆனா அந்தப் படத்தில் "கண்ணன்"னு மூணு சுழியோடதான் இருக்கு. வெட்டினதுதான் வேற.

ரதவீதி பேர்வெட்டி | ஜனவரி 18, இரவு 8.15

அப்போ எழுத்தைக் கோடா மாத்தாம படம் அனுப்பிட்டு, பிறகு வேற மெஷின்ல திரும்ப அடிச்சிருக்காங்க. தப்பு அவங்க பக்கம். அந்தப் படத்தை அழிச்சுராதீங்க. நாளைக்குக் காலையில் கடை திறந்ததும் பேசுங்க. புதுத் தட்டில் வெட்டுறதுக்கு முன்னால மார்க்கர்ல எழுதி, தட்டோட சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.